ஜெயமணிப் பேனா

இளங்கோவனைச் சட்டைப் பையில் பேனா இல்லாமல் பார்த்தவர்கள் அந்தக் காலனியில் யாரும் கிடையாது. குளிக்கும்போது எங்கே வைப்பார் என்று பிள்ளைகள் கிண்டல் பண்ணுவார்கள். காய்ச்சலில் படுத்தாலும் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் படுப்பார், பையில் அந்தக் கறுப்புப் பேனா தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷன் வெறும் பையோடு ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார்.

விடியற்காலையில் மூச்சு நின்றது. கத்திரி வெயில் காலம், அதோடு கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஐஸ் பெட்டி கொண்டுவந்தவன், "ரொம்ப நேரம் தாங்காதுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான். சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்துவிடுவது என்று பாஸ்டரிடம் பேசி முடித்தார்கள். ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனியில் ஷிப்டுக்குப் போயிருந்த மூத்த மகன் சத்யராஜ் வழியில் வந்துகொண்டிருந்தான்.

மகள் லில்லி அழுது ஓய்ந்து, மூக்கைச் சிந்திவிட்டு, தன் மகளைக் கூப்பிட்டாள்.

"சிம்ரன், தாத்தா பேனா எங்கடி? சட்டைய மாத்தினோம்ல, பாக்கெட்ல வைக்கணும்."

"வச்சிருக்கேன்மா."

"மை ஊத்தி எழுதறாப்புல வைக்கணும்னு சொல்லிக்கினே இருந்தாரு. மறந்துறாத. ஆசையா கேட்டது அது ஒண்ணுதான்."

சிம்ரன் தலையை ஆட்டினாள். பதினாறு வயசு, ப்ளஸ் ஒன் எழுதிவிட்டு ரிசல்டுக்காகக் காத்திருந்தவள். பேனா அவளிடம்தான் இருந்தது. அவளுடைய ஸ்கூல் பையின் அடியில், கைக்குட்டையில் சுற்றி. மை ஊற்ற முடியாத பேனா.

நடந்தது இதுதான். கெமிஸ்ட்ரி பரீட்சையன்று ராசியாக இருக்கட்டும் என்று தாத்தா குளிக்கும்போது அவரைக் கேட்காமல் பேனாவை எடுத்துப் போனாள். ஹால் வாசலில் தவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. கெட்டி ரப்பரான எபோனைட்டில் செய்த பேனா பிளாஸ்டிக் மாதிரி வளையாது, வெடிக்கும். கழுத்தைத் திருகிச் சேர்க்கும் மரை இருக்கிற இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் விட்டது. வீட்டுக்கு வந்து கண்ணாடி ஒட்டுகிற பசையை வாங்கி விரிசலில் விட்டாள். பசை உள்ளே இறங்கி மரையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. வெளியே பார்க்க ஒன்றும் தெரியவில்லை. தேடிக்கொண்டிருந்தவர் அசந்த நேரத்தில் பழையபடி பையில் செருகிவிட்டாள்.

அந்தப் பேனாவுக்கு உள்ளே குழாய் கிடையாது. கழுத்தைத் திருகிக் கழற்றி, பேனாவின் உடம்பான கட்டைக்குள்ளேயே பில்லரால் மையை விடவேண்டும். பேனாவில் மை தீர்ந்த அன்று இளங்கோவன் கழுத்தைத் திருகினார். வரவில்லை. துண்டைச் சுற்றித் திருகினார். பல்லால்கூடக் கடித்துப் பார்த்தார். ஏற்கெனவே கை நடுக்கம் கண்டிருந்த மனுஷன். "தெம்பு போயிடுச்சுமா. ஒரு பேனாவத் தொறக்கக்கூட தெம்பு இல்ல" என்று மகளிடம் சொன்னார். தினமும் காலையில் உட்கார்ந்து ஒருதரம் திருகிப் பார்ப்பார், அப்புறம் பேனாவைப் பையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்து சிம்ரன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பசைதான் தாத்தா, உன் கை நல்லாத்தான் இருக்குது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திட்டுவாரே என்கிற பயம், அவ்வளவுதான். அப்புறம் அவர் சாப்பாட்டைக் குறைத்தார், பேச்சைக் குறைத்தார், படுத்தார். பேனாவால்தான் செத்தார் என்று யாரும் சொல்லமாட்டார்கள், வயசு எண்பதை நெருங்கியிருந்தது. ஆனால் சிம்ரன் நெஞ்சுக்குள் அப்படித்தான் உட்கார்ந்துவிட்டது.

பேனாவைத் திறக்கவோ அதே மாதிரி ஒன்று வாங்கவோ வழி தேடி, சிம்ரன் ஷேர் ஆட்டோ பிடித்து மார்க்கெட்டில் இறங்கினாள். கொத்தமல்லிக் காம்பும் வெங்காயச் சருகும் மிதிபட்டு வெயிலில் அவிந்துகொண்டிருந்தன. பட்டு எடுக்க வந்த வெளியூர்க்காரர்கள் பெரிய பெரிய பைகளோடு பூக்கடைகளை அடைத்துக்கொண்டு நின்றார்கள். முதலில் ஒரு பேன்சி ஸ்டோருக்குப் போனாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த சங்கீதா, அவள் நீட்டிய பேனாவைத் தொடாமலேயே பார்த்தாள்.

"ஜெயமணியா? அப்டி ஒரு பிராண்டே கேள்விப்பட்டதில்லையேமா. இந்தா, இதப் பாரு. சேம் பிளாக், சேம் கோல்டு கிளிப். கார்ட்ரிஜ் போட்டுக்கலாம், கையில மை படாது."

சிம்ரன் அதை வாங்கி உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்தாள். தாத்தாவின் பேனாவைத் தேய்த்தால் சூடான ரப்பர் மாதிரி, தீக்குச்சி மருந்து மாதிரி ஒரு வாசம் வரும். இதில் ஒன்றும் வரவில்லை.

"ஏன்மா மோந்து பாக்கற?"

"இது இல்லக்கா."

"அப்ப கீழ வேலாயுதத்துக்கிட்ட கேளு. பழைய குப்பையெல்லாம் அவர்கிட்டதான் இருக்குது."

வேலாயுதம் ஒரு பைக்கடையின் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அண்ணன் தம்பிகள் எல்லாரும் தறிக்காரர்கள். இவருக்குச் சின்ன வயசில் கால் சூம்பிப்போனதால் தறிக்குழியில் இறங்கி மிதிக்க முடியவில்லை. கண்ணாடிப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு பேனா, லைட்டர், மூக்குக் கண்ணாடி, குடைக்கம்பி எல்லாம் பழுது பார்ப்பார். நெற்றி நிறைய திருநீறும் வாய் நிறைய எரிச்சலுமாக இருக்கிற மனுஷன்.

பேனாவைக் கையில் வாங்கியதுமே, "இது மேஸ்திரி பேனாவாச்சே" என்றார்.

"எங்க தாத்தா. காலைல தவறிட்டாரு."

"ஓகோ." அதற்குமேல் துக்கம் விசாரிக்கவில்லை. கழுத்தைத் திருகினார், அசையவில்லை. விரிசலை நகத்தால் நெருடினார். "பசை போட்டியா?"

"ஆமா."

"எந்தப் புத்திசாலிம்மா இதுக்குப் பசை போடுவான்? மரையில லேசா மெழுகு தடவினாலே போதும், மை கசியாது. சரி, பாக்கலாம். ஒடைஞ்சா என்னக் கேக்கக்கூடாது."

டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கிவரச் சொன்னார். பேனாவின் கழுத்து மட்டும் முழுகும்படி கிளாசில் பிடித்தார். எபோனைட் சூட்டில் கொஞ்சம் இளகும், அப்போது பிடிவாதமான மரையும் விட்டுக்கொடுக்கும். சூடு அதிகமானால் கறுப்பு வெளுத்துப் பழுப்பாகிவிடும் என்று முணுமுணுத்தபடி சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி இரண்டு கையாலும் திருகினார். சட்டென்று சுள்ளி ஒடிகிற சத்தம். கழுத்தும் கட்டையும் நீளவாக்கில் பிளந்து அவர் மடியில் விழுந்தன. உருப்படியாக மிஞ்சியது மூடி மட்டும்தான். சிம்ரன் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

"சொன்னேன்ல?" என்றார் வேலாயுதம். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இதே பேனா வேற கிடைக்குமாங்க? ஜெயமணி. நாலு மணிக்கு எடுக்கறாங்க. பாக்கெட்ல வைக்கணும். மை ஊத்தி வைக்கணும்."

"ஜெயமணின்னு ஒரு கம்பெனியே கிடையாதுமா. இங்க, இந்த வரிசைக் கடைசில, ஜெயமணி ஸ்டோர்னு ஒரு நோட்டுப் புஸ்தகக் கடை இருந்துது. ஆந்திராவுல லேத்துல கடைசல் போட்ட பேனா பேர் இல்லாம மூட்டையா வரும். இவங்க பித்தளை அச்சக் காய்ச்சி, கட்டை மேல ஜெயமணின்னு முத்திரை குத்தி, அதுல வெள்ள மாவு தேய்ச்சி விப்பாங்க. பால் பாயிண்ட் வந்த பின்ன யாரு வாங்கினா? கடையும் போச்சு, அச்சும் போச்சு. எங்கிட்ட ரெண்டு மூணு நிப்பும் அதுக்கு அடியில மை இறக்குற நாக்கும் இருக்குது, கட்டை இல்ல."

சிம்ரனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. செத்தவருக்கு அழுகிறாளா பேனாவுக்கு அழுகிறாளா என்று வேலாயுதத்துக்குப் புரிந்திருக்காது. அவளுக்கே புரியவில்லை.

"இந்த மார்க்கெட்ல முழுசா ஒண்ணு இருக்குது" என்றார் கடைசியில். "பின்கேட்டாண்ட எலுமிச்சம்பழம் விக்கிற மரியம்மாள்கிட்ட. ஆனா குடுக்காது. கேக்கறதுன்னா போய்க் கேளு, மேஸ்திரி பேத்தின்னு மட்டும் சொல்லிக்காத."

பின்கேட் பக்கம் நிழல் கிடையாது. உடைந்த குடையைச் செருகி அதற்குக் கீழே மரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு சாக்கு, அதில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும். இடுப்பு வளைந்துபோன கிழவி. ஒரு காலத்தில் இந்த மார்க்கெட் முழுவதையும் பெருக்கியவள். அன்றைக்கு மார்க்கெட்டைக் குத்தகை எடுத்தவரிடம் பெருக்குகிற பெண்கள் ஒரு கூட்டமாக இருந்தார்கள். அவர்களுக்கு வருகை போடுகிற மேஸ்திரி இளங்கோவன்.

"ஆயா, உங்ககிட்ட ஜெயமணிப் பேனா இருக்குதாமே? ஸ்கூல்ல பழைய பொருள் கொண்டாரச் சொன்னாங்க."

மரியம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையில் இருந்த மூடியைப் பார்த்தாள்.

"செத்துட்டானா?" என்றாள்.

சிம்ரன் மூடியைக் கைக்குள் மறைத்தாள்.

"லீவுல ஏது ஸ்கூலு? அந்த மூடி எனக்குத் தெரியாதா? தெனம் காலைல கண் எதிர்ல கழட்டி மாட்டினது. கிளிப்புல ஒரு பக்கம் தேஞ்சிருக்கும், பாரு. நீ லில்லி பொண்ணா?"

"ஆமா."

"உக்காரு. வெயில்ல நிக்காத."

சிம்ரன் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பேனா விஷயத்தை எல்லாம் சொன்னாள். ராசி, பரீட்சை, பசை, திருகித் திருகித் தோற்றுப்போனது. இதுவரை யாரிடமும் சொல்லாதது, முன்பின் தெரியாத கிழவியிடம் கொட்டிவிட்டது. மரியம்மாள் மிளகாய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்.

"தொறக்க முடியலன்னு அழுதானா?"

"அழல. செவுத்தையே பாத்துக்கினு இருப்பாரு."

"ம்." கிழவி ஒரு மிளகாயை ஒதுக்கிப் போட்டாள். "அப்பல்லாம் கைநாட்டுதான்மா. விடியறதுக்குள்ள வந்து வரிசையா நிப்போம். அவன் பேர் சொல்லுவான், கட்டவிரல நீட்டணும், மைப் பொட்டியில அமுக்கி வைப்பான். லேட்டா வந்தா அந்தப் பேனாவால குறுக்க ஒரு கோடு. ஒரு கோடு போட்டான்னா அன்னிக்கு வூட்ல அடுப்பு எரியாது. புள்ளைக்குக் காய்ச்சல்னு சொன்னாலும் கோடுதான். அவன் நம்ம தெரு ஆளுதான், எங்க ஊட்ல கஞ்சி குடிச்சவன்தான். குத்தகைக்காரன் எதிர்ல வந்தா அதே பேனாவ மூடி, துண்ட இடுப்புல கட்டிக்கினு நிப்பான். எங்க எதிர்ல தொறப்பான்."

"தாத்தாவா?"

"பின்ன யாரு? கோயில்ல சிஸ்டருங்க சாயங்காலத்துல எழுத்து சொல்லிக் குடுத்தாங்க. நானு போனேன். எம் பேர எழுதக் கத்துக்கினேன். காசு சேத்து ஜெயமணில ஒரு பேனா வாங்கினேன். கடைக்காரரு யாருக்குன்னு கேட்டாரு. எனக்குத்தான்னேன், சிரிச்சாரு. மறுநா காலைல பேர் சொன்னான். கையெழுத்துப் போடறேன் மேஸ்திரின்னு பேனாவ எடுத்தேன். சிரிச்சிக்கினேதான் எடுத்தேன்மா. சந்தோசப்படுவான்னு நெனச்சேன், நம்ம ஆளுதானேன்னு."

கேட்டுக்கு வெளியே ஒரு லாரி பின்னால் வந்து ஹாரன் அடித்தது. மரியம்மாள் சாக்கில் சரிந்த பழங்களைக் கூட்டி வைத்தாள்.

"வாங்கிப் பாத்தான். தம் பேனாவையும் பாத்தான். ரெண்டும் ஒண்ணு. மேஸ்திரிக்கும் பெருக்கறவளுக்கும் ஒரே பேனாவான்னு கேட்டான். அந்தக் கால்வாயில போட்டான், அதோ, அந்தக் கல்லு மூடியிருக்குதே, அங்க. போட்டுட்டு, 'எடு, ஒன் வேலதானே'ன்னான்."

சிம்ரன் அந்தக் கல்லைப் பார்த்தாள். தாத்தா அவளுடைய முதல் நோட்டில் 'சிம்ரன்' என்று எழுதிக் கொடுத்த எழுத்து அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு சுழியையும் நிதானமாகச் சுற்றி எழுதிய கை. பேனாவைக் கழற்றி, நிப்பும் நாக்கும் சுத்தம் பண்ணி, மை விட்டு, மரை துடைத்து மூட அவளுக்குக் கற்றுக்கொடுத்த கை. அதே கையா? அதே கைதான்.

"எடுத்தீங்களா?"

"எடுக்காம? காசு குடுத்து வாங்கினது. எல்லாரும் பாத்துக்கினு இருக்க முழங்கை வரைக்கும் வுட்டு எடுத்தேன். கைநாட்டு வைக்கலன்னு அன்னிக்கு எனக்குக் கோடு. அதுக்கு அப்புறம் எழுதவே இல்ல. கட்டவிரல்தான்."

மடியிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பேனாவை எடுத்தாள். அதே கறுப்பு, அதே கிளிப். கட்டைமேல் ஜெயமணி என்ற எழுத்தில் வெள்ளை இன்னும் அழியாமல் இருந்தது. தாத்தாவின் பேனாவில் அது எப்போதோ தேய்ந்துபோயிருந்தது.

"ஆயா, இத எனக்குத் தரமாட்டீங்களா? மண்ணுக்குத்தான் போகுது. அவர் கேட்டது இது ஒண்ணுதான்." கேட்கும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"இது எம் சாவுப் பொட்டிக்கு வச்சிருக்கறேன்மா" என்றாள் மரியம்மாள்.

கோபமாகச் சொல்லவில்லை. மாமியாருக்கு ஒதுக்கி வைத்த சேலை என்று சொல்வது போலச் சொன்னாள். அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை.

சிம்ரன் எழுந்தாள். கிழவி அவளை மறுபடி உட்காரச் சொன்னாள்.

"ஒனக்கு மை ஊத்தத் தெரியும் இல்ல? இது எழுதுதான்னு பாரு. அன்னிலேருந்து தொறக்கவே இல்ல. எழுதாத பேனாவ வச்சிக்கினு நான் போய் இன்னா பண்ண?"

பேனாவை நீட்டினாள். சிம்ரன் வாங்கிக்கொண்டு மை கேட்க வேலாயுதத்திடம் நடந்தாள். முன்கேட்டில் ஷேர் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. இரண்டு சீட் காலி என்று டிரைவர் கூவினான். ஏறி உட்கார்ந்தால் முடிந்தது, கிழவியால் எழுந்திருக்கவே முடியாது. சிம்ரன் ஆட்டோவைப் பார்த்தபடி நின்றாள். யோக்கியமான பெண்தான், ஆனாலும் நின்றாள் என்பதைச் சொல்லியாகவேண்டும். டிரைவர் "வரியாமா?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டிவிட்டு மையும் பில்லரும் பிளேடும் மெழுகும் ஒரு கிளாஸ் வெந்நீரும் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

கழுத்து முதல் திருகிலேயே அசைந்தது. உள்ளே மையும் சேறும் கல்லாக இறுகியிருந்தன. கழுத்தைத் தண்ணீரில் ஊறவைத்தாள். முந்தானை நுனியைக் கேட்டு வாங்கி நிப்பைப் பிடித்து, நாக்கோடு சேர்த்து நேராக இழுத்தாள். நாக்கின் பள்ளத்தில் அடைத்திருந்த கறுப்பை ஈர்க்குச்சியால் நெம்பினாள். நிப்பின் பிளவுக்குள் பிளேடு நுனியை மெல்ல விட்டு எடுத்தாள். தண்ணீரில் கலங்கி வந்தது மை மட்டும் இல்லை, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதில் சாக்கடை வாசம் இருந்தது. மரியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நிப்பையும் நாக்கையும் சேர்த்துச் செருகி, வெந்நீரில் காட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். சூட்டில் நாக்கு இளகி நிப்பின் அடியோடு படிந்தால்தான் மை ஒழுங்காக இறங்கும். கட்டையைக் கழுவி உலர்த்தி, பில்லரால் மை விட்டு, மரையில் மெழுகு தடவி மூடினாள். விரல் நுனியெல்லாம் நீலம்.

எலுமிச்சம்பழச் சாக்கில் கிடந்த கேலண்டர்த் தாளைத் திருப்பி வைத்தாள். மரியம்மாள் பேனாவைப் பிடித்தாள். முதல் கோடு வெறுமனே போனது. "ஒதறுங்க ஆயா" என்றாள் சிம்ரன். கிழவி உதறினாள், தாளில் ஒரு பொட்டு விழுந்தது. அப்புறம் எழுதினாள். ம எழுதி நிறுத்தினாள். ரி வந்தது. ய-வுக்கு ரொம்ப நேரம் யோசித்தாள். கடைசி ள் தாளின் ஓரத்தைத் தாண்டிச் சாக்கின்மேல் போய் முடிந்தது.

"எழுதுதுல்ல?"

"எழுதுது ஆயா."

"சரி போ. பொணத்த எடுத்துருவாங்க."

பேனாவைக் கவரில் சுற்றிச் சுருக்குப் பைக்குள் வைத்து இறுக்கிக் கட்டினாள். தாளை மடித்து அதையும் உள்ளே வைத்தாள். எலுமிச்சம்பழம் வாங்க ஒருத்தி வந்து விலை கேட்டாள், மரியம்மாள் அவளோடு பேசப் போய்விட்டாள்.

சிம்ரன் வந்து சேர்ந்தபோது பாஸ்டர் ஜெபத்தை முடித்துக்கொண்டிருந்தார். ஐஸ் பெட்டியிலிருந்து மரப்பெட்டிக்கு மாற்றியிருந்தார்கள். மாமா சத்யராஜ் தலைமாட்டில் நின்று அழுதான். மூடிப்பலகையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"எங்கடி போன? மை கெடச்சிதா?" லில்லி அவள் கையைப் பிடித்தாள்.

சிம்ரன் பெட்டியோரம் குனிந்தாள். தாத்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை, பையை மட்டும் பார்த்தாள். கைக்குள் இருந்த மூடியை எடுத்து, கிளிப்பைத் துணியில் மாட்டி, உள்ளே இறக்கிவிட்டாள். கீழே கட்டை இல்லை, நிப்பு இல்லை, ஒன்றும் இல்லை. மேலேயிருந்து பார்த்தால் முழுப் பேனாதான்.

"கெடச்சிது" என்றாள்.

"மை ஊத்தினியா?"

"ஊத்தினேன்மா."

லில்லி மகளின் நீலம் படிந்த விரல்களைப் பார்த்தாள். அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பின்னால் நின்ற ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "பாரு, பேனாவோடதான் போறாரு மேஸ்திரி" என்றார். பலகையை எடுத்து வந்து மூடினார்கள்.